தமிழ்ச் சொற்களைக் குறியெண் வரிசையில் அடுக்குதலும் அகராதி வரிசையும்

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒருங்குறி (யுனிகோடு) முறையில் இந்த எண் குறியெண் எனப்படும். சொற்பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தச் சொல்லும்போது, வேறு கட்டளை எதுவும் தரப்படாவிட்டால், பல நிரல்கள் இந்த எண்களை மட்டுமே ஒப்பிட்டு, சிறிய எண் உள்ள சொல்லை முன்னே வைக்கின்றன. இவ்வாறு கிடைப்பது குறியெண் வரிசை. அரிச்சுவடியில் எழுத்துகள் நிற்கும் முறையைப் பின்பற்றிக் கிடைப்பது அகராதி வரிசை. தமிழில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்கள் சொல்லின் முதலெழுத்துக்குப் பிறகே பெரும்பாலும் வருவதால், அவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

தமிழ் எழுத்துகளின் குறியெண்கள்

ஒருங்குறியில் தமிழுக்கு U+0B80 முதல் U+0BFF வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதப்படுபவை. 9க்குப் பிறகு A, B, C, D, E, F ஆகியவை இலக்கங்களாக வரும்.

இந்தப் பகுதியில் முதலில் ஆய்த எழுத்து நிற்கிறது (0B83). அடுத்து அ முதல் ஔ வரை உயிரெழுத்துகள் (0B85 – 0B94). அதன்பின் க முதல் ஹ வரை அகரம் ஏறிய மெய்கள் (0B95 – 0BB9). அவற்றுக்குப் பின் துணைக்கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகள் (0BBE – 0BCC). இறுதியில் புள்ளி (0BCD).

தமிழ் இலக்கணம் 247 எழுத்துகளைச் சொன்னாலும், ஒருங்குறியில் அத்தனைக்கும் தனித்தனி எண் இல்லை. 'கா' என்பது க, துணைக்கால் என்னும் இரண்டு குறியெண்களால் ஆனது. 'க்' என்பதும் அவ்வாறே க, புள்ளி என்னும் இரண்டால் ஆனது. இலக்கணப்படி மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியிலோ அகர உயிர்மெய்தான் அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் மெய் கிடைக்கிறது. இந்தத் தலைகீழ் அமைப்பு வரிசைப்படுத்தலில் ஒரு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

எங்கே ஒத்துப்போகின்றன

கடல், காடு, கிளி, கீரை, குடை, கூடு, கெண்டை, கேணி, கை, கொடி, கோடு, கௌதாரி ஆகிய சொற்களைக் குறியெண்படி அடுக்கினால் இதே வரிசைதான் கிடைக்கும். உயிர்க்குறிகளின் எண்கள் அ, ஆ, இ, ஈ என்ற முறையிலேயே ஏறிச் செல்வது ஒரு காரணம். உயிர்க்குறிகள் எல்லாம் மெய்களுக்குப் பிறகு வைக்கப்பட்டிருப்பது மற்றொரு காரணம். 'கடல்' என்பதில் க-வுக்கு அடுத்து வருவது ட (0B9F). 'காடு' என்பதில் அடுத்து வருவது துணைக்கால் (0BBE). 0B9F சிறியது, ஆகவே கடல் முன்னே நிற்கிறது.

சொல்லின் முதலெழுத்தைப் பொறுத்தும் சிக்கல் குறைவு. உயிரெழுத்துகள் முறையாக நிற்கின்றன. க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ ஆகிய மொழிமுதல் மெய்களும் குறியெண்ணில் அதே முறையில் நிற்கின்றன. இடம் மாறி நிற்கும் ற, ள, ழ, ன ஆகிய நான்கும் தமிழில் சொல்லுக்கு முதலாக வருவதில்லை. ஆகவே பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அ, ஆ, இ, ஈ எனத் தொடங்கி வ வரை எல்லாம் சரியாகவே தோன்றும். பிழை ஒவ்வொரு பிரிவின் உள்ளேயும் ஒளிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நூலின் இறுதியில் சேர்க்க வேண்டிய சொல்லடைவில் அகரப் பகுதியில் பன்னிரண்டு சொற்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை இருவகையாக அடுக்கினால் கிடைப்பவை:

| எண் | குறியெண் வரிசை | அகராதி வரிசை |
|---|---|---|
| 1 | அஃது | அஃது |
| 2 | அகல் | அக்கா |
| 3 | அக்கா | அகல் |
| 4 | அன்பு | அப்பம் |
| 5 | அப்பம் | அம்மா |
| 6 | அம்மா | அருவி |
| 7 | அருவி | அலை |
| 8 | அறம் | அவல் |
| 9 | அலை | அழகு |
| 10 | அளவு | அளவு |
| 11 | அழகு | அறம் |
| 12 | அவல் | அன்பு |

இரு பட்டியல்களிலும் ஒரே இடத்தில் நிற்பவை அஃது, அளவு ஆகிய இரண்டு மட்டுமே. அவற்றிலும் 'அளவு' தற்செயலாகவே அங்கு நிற்கிறது. அகராதி வரிசையை அறிந்தவர் எவரும் 'அன்பு' என்ற சொல்லைப் பகுதியின் கடைசியில்தான் தேடுவார். குறியெண் வரிசையில் அச்சிட்ட சொல்லடைவில் அது அங்கு இராது. அப்பத்துக்கு முன்னே இருக்கும். சில நூறு சொற்கள் கொண்ட பகுதியில் இந்த இடைவெளி பல பக்கங்களாகும். தேடியவர் அந்தச் சொல் நூலிலேயே இல்லை என்று எண்ணிவிடுவார்.

முதல் வேறுபாடு: ற, ள, ழ, ன

அரிச்சுவடியில் மெய்களின் இறுதிப் பகுதி ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என அமையும். குறியெண்ணில் ன (0BA9) என்பது ந-வை (0BA8) அடுத்து வந்துவிடுகிறது. ற (0BB1) என்பது ர-வை (0BB0) அடுத்து வருகிறது. ல-வுக்குப் பின் ள, ழ, வ என்ற முறையில் மூன்றும் நிற்கின்றன (0BB3, 0BB4, 0BB5).

இதற்குக் காரணம் தமிழுக்கு வெளியே உள்ளது. இந்திய மொழிகளுக்கான ஒருங்குறிப் பகுதிகள், இந்தியாவில் முன்பே இருந்த இஸ்கி என்னும் குறியீட்டைத் தழுவி அமைக்கப்பட்டன. அந்த முறையில் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அச்சு. ஒரே ஒலிக்கு உரிய எழுத்து ஒவ்வொரு மொழியின் பகுதியிலும் ஒரே தொலைவில் நிற்கும். தேவநாகரியின் ககரம் 0915, தமிழின் ககரம் 0B95, தெலுங்கின் ககரம் 0C15, மலையாளத்தின் ககரம் 0D15. நான்கும் தத்தம் பகுதியின் தொடக்கத்திலிருந்து ஒரே தொலைவில் உள்ளன. தமிழில் க-வுக்கும் ங-வுக்கும் இடையே மூன்று எண்கள் வெறுமையாக இருப்பதும் இதனால்தான். மற்ற மொழிகளின் வர்க்க எழுத்துகளுக்கு உரிய இடங்கள் அவை.

இந்தப் பொது அச்சில் றகரம் ரகரத்தின் பக்கத்திலும், னகரம் நகரத்தின் பக்கத்திலும், ளகர ழகரங்கள் லகரத்தின் பக்கத்திலும் வைக்கப்பட்டன. ஒலியால் நெருங்கியவை அருகருகே நிற்பது அந்த அச்சுக்குப் பொருத்தம். தமிழ் அரிச்சுவடிக்கு அது பொருந்தவில்லை. குறியெண் என்பது எழுத்தை அடையாளம் காட்டும் எண்ணே. மொழியின் வரிசையைக் காட்டுவதற்கு அது ஏற்பட்டதன்று என்பதே ஒருங்குறியின் நிலைப்பாடும்.

இரண்டாம் வேறுபாடு: புள்ளி

இன்றைய தமிழ் அகராதிகளில் மெய் முதலில் வரும். அதன் உயிர்மெய்கள் பின்னே வரும். அதாவது க், க, கா, கி என்பதே முறை. குறியெண்ணில் புள்ளிக்கு உயிர்க்குறிகள் எல்லாவற்றையும்விடப் பெரிய எண். ஆகவே க, கா, கி என்று தொடங்கி, கௌ வரை முடிந்த பிறகே க் வருகிறது. முதலில் நிற்க வேண்டியது கடைசிக்குப் போய்விடுகிறது.

கல், கல்வி, கலம், கலை ஆகிய நான்கு சொற்கள் அகராதியில் இதே முறையில் நிற்கும். குறியெண்படி அடுக்கினால் கலம், கலை, கல், கல்வி என வரும். 'கலம்' என்பதில் ல-வை அடுத்து வருவது ம (0BAE). 'கலை' என்பதில் ஐகாரக் குறி (0BC8). 'கல்' என்பதில் புள்ளி (0BCD). எண்கள் ஏறுமுகமாக இருப்பதால் 'கல்' பின்னுக்குப் போகிறது. சில எழுத்துகளை மட்டுமே இடம் மாற்றும் முதல் வேறுபாட்டைப் போலன்றி, இது பதினெட்டு மெய்களையும் பாதிக்கிறது. தமிழில் சொல்லின் இடையிலும் இறுதியிலும் மெய்யெழுத்து மிகுதியாக வருவதால், பட்டியலில் காணப்படும் பிழைகளில் பெரும்பங்கு இதனால் நேர்வதே.

மூன்றாம் வேறுபாடு: ஆய்தமும் ஜகரமும்

ஆய்தம் அரிச்சுவடியில் உயிருக்குப் பின்னும் மெய்க்கு முன்னும் நிற்பது. குறியெண்ணில் அது உயிருக்கும் முன்னே நிற்கிறது. ஆயினும் அஃது, எஃகு போன்ற சொற்களில் இதனால் மாற்றம் ஏதும் நேர்வதில்லை. சொல்லின் நடுவில் தனி உயிரெழுத்து வருவது மிக அரிதாகையால், அந்த இடத்தில் ஆய்தம் எதிர்கொள்வது மெய்களையும் உயிர்மெய்களையுமே. அவற்றுக்கு இரு முறைகளிலும் ஆய்தமே முந்தியது. ஆய்தத்தில் தொடங்கும் 'ஃபோன்' போன்ற இக்காலச் சொற்களில்தான் வேறுபாடு வெளிப்படும். குறியெண் வரிசையில் இவை 'அ'வுக்கும் முன்னே, பட்டியலின் தலையில் போய் நிற்கும்.

கிரந்த எழுத்துகளில் ஷ, ஸ, ஹ ஆகியவை வ-வுக்குப் பின் நிற்பதால் சொல்முதலில் தொல்லை தருவதில்லை. ஜ மட்டும் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையே உள்ளது (0B9C). கிரந்த எழுத்துகளை இறுதியில் வைக்கும் முறையைப் பின்பற்றினால், 'ஜன்னல்' வகரச் சொற்களுக்குப் பின்னே வரவேண்டும். குறியெண் வரிசையில் அது சகரச் சொற்களை ஒட்டி வந்துவிடும்.

திருத்தும் முறை

சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அரிச்சுவடியில் உள்ள இட எண்ணைக் கொடுத்து, அந்த எண்களை ஒப்பிடுவதே வழி. உயிர் பன்னிரண்டுக்கும் 1 முதல் 12 வரை. ஆய்தத்துக்கு 13. ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று இடங்கள்: மெய்க்கு ஒன்று, அதன் உயிர்மெய்களுக்குப் பன்னிரண்டு. க் 14 எனத் தொடங்கினால், பதினெட்டாம் மெய்யின் கடைசி உயிர்மெய்யான 'னௌ' 247 என முடியும். இலக்கணம் சொல்லும் 247 எழுத்துகளும் இவ்வாறு ஒன்றுவிடாமல் தத்தம் எண்ணைப் பெறுகின்றன. கிரந்த எழுத்துகளுக்கு 248 முதல் இடம் தரலாம்.

பைத்தான் மொழியில் இதை இப்படி எழுதலாம்:

```python
import unicodedata

UYIR = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
MEY = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
KURI = ("\u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2"
        "\u0bc6\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc")
PULLI = "\u0bcd"

def varisai(sol):
    s = unicodedata.normalize("NFC", sol)
    enkal, i = [], 0
    while i < len(s):
        c, n = s[i], s[i+1:i+2]
        if c in MEY:
            en = 14 + 13 * MEY.index(c)
            if n == PULLI:
                i += 1
            elif n and n in KURI:
                en += 2 + KURI.index(n)
                i += 1
            else:
                en += 1
        elif c in UYIR:
            en = 1 + UYIR.index(c)
        else:
            en = 0 if c == " " else 1000 + ord(c)
        enkal.append(en)
        i += 1
    return enkal

print(sorted(["அகல்", "அக்கா", "அன்பு", "அவல்"], key=varisai))
```

இந்த நிரலில் 'அக்கா' என்ற சொல் 1, 14, 16 என்ற எண்களாக மாறுகிறது. அ என்பது 1. க் என்பது 14. கா என்பது 16. 'அகல்' என்பது 1, 15, 170 ஆகிறது. முதல் எண் ஒன்றே. இரண்டாம் எண்ணில் 14 சிறியது. ஆகவே அக்கா முன்னே வருகிறது. 'அவல்' 1, 184, 170 ஆகவும், 'அன்பு' 1, 235, 123 ஆகவும் மாறுகின்றன. எனவே விடை அக்கா, அகல், அவல், அன்பு என்றே அமையும். கடைசி வரியில் `key=varisai` என்பதை நீக்கிவிட்டு இயக்கினால் அகல், அக்கா, அன்பு, அவல் என்ற குறியெண் வரிசை வருவதைக் காணலாம்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

மேலே உள்ள நிரலில் NFC என்று குறிப்பிட்ட வரி ஏன் தேவை என்பதற்குக் காரணம் உண்டு. 'கொ' என்ற எழுத்தை இருவகையாகப் பதிய முடியும். ஒகரக் குறி என்ற ஒரே குறியெண்ணாக (0BCA) வைக்கலாம். ஒற்றைக் கொம்பு (0BC6), துணைக்கால் (0BBE) என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. இப்படி இருவகையும் கலந்த பட்டியலில் 'கொடி' இரண்டு இடங்களில் வரும். NFC என்பது இரண்டாகப் பதிந்ததை ஒன்றாகச் சேர்த்துவிடும்.

அதனாலும் திருத்த முடியாத பிழை ஒன்று உண்டு. ஔகாரத்தை அதற்குரிய விசையால் தட்டாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் பலர். 'ஔவையார்' என்பது இவ்வாறு 'ஒளவையார்' ஆகிவிடுகிறது. 'கௌதமன்' என்பதும் 'கெளதமன்' ஆகிறது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பினும், ஒளவையார் ஔகாரப் பகுதிக்குப் போகாமல் 'ஒளி' என்ற சொல்லின் பக்கத்தில் போய் நிற்பார். 'ஒள' வரும் இடங்களையெல்லாம் 'ஔ' என ஒரேயடியாக மாற்றிவிடவும் முடியாது. அப்படிச் செய்தால் 'ஒளி'யும் கெட்டுவிடும். 'கெளுத்தி' என்ற மீனின் பெயருக்கும் இதே கதிதான். இத்தகைய சொற்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவதே வழி.

'ஸ்ரீ' என்பதிலும் இதுபோன்ற இரட்டை உண்டு. அதை ஸகரத்தைக் கொண்டும் பதியலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் பதியலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் தோன்றும். பெயர்ப் பட்டியலில் ஸ்ரீ எனத் தொடங்கும் பெயர்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நின்றால், இதுவே காரணம் எனக் கொள்ளலாம்.

சோதித்து அறிதல்

ஒரு மென்பொருள் எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்பதை ஐந்து சொற்களால் அறியலாம். அவல், அறம், அன்பு, அக்கா, அகல் ஆகியவற்றை உள்ளிட்டு ஏறுவரிசையில் அடுக்கச் சொல்ல வேண்டும்.

அக்கா, அகல், அவல், அறம், அன்பு என்று வந்தால் அது அகராதி வரிசை. அகல், அக்கா, அன்பு, அறம், அவல் என்று வந்தால் அது குறியெண் வரிசை. சில இடங்களில் மூன்றாவது விடையாக அகல், அக்கா, அவல், அறம், அன்பு என வருவதும் உண்டு. மெய்களின் முறை திருத்தப்பட்டும், புள்ளி மட்டும் இன்னும் கடைசியிலேயே இருக்கும் நிலை அது. எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஒருங்குறி அமைப்பு வெளியிடும் வரிசைப் பட்டியலை, தமிழுக்கென்று மேலும் திருத்தாமல் அப்படியே பயன்படுத்தினால் இந்த விடை கிடைக்கும். இதைப் பார்ப்பவர், அன்பு கடைசியில் நிற்பதைக் கண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடக்கூடும். ஆகவே அக்கா, அகல் என்ற இணை சோதனையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தேடலில் நேரும் விளைவு

வரிசைப்படுத்திய பட்டியலில் கணினி ஒரு சொல்லைத் தேடும்போது, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. நடுச் சொல்லைப் பார்த்து, தேடும் சொல் அதற்கு முன்னா பின்னா என முடிவு செய்து, மறுபாதியை விட்டுவிடலாம். இதற்கு இரும முறைத் தேடல் என்று பெயர். பட்டியலை அகராதி வரிசையில் அடுக்கிவிட்டு, தேடும் நிரலைக் குறியெண்ணையே ஒப்பிடும்படி விட்டுவிட்டால் இந்த முறை பொய்த்துவிடும்.

மேலே உள்ள பன்னிரண்டு சொற்களின் அகராதி வரிசையில் 'அன்பு' என்பதைத் தேடுவதாகக் கொள்வோம். நடுவில் உள்ள ஆறாம் சொல் 'அருவி'. அன்பின் இரண்டாம் குறியெண் 0BA9. அருவியின் இரண்டாம் குறியெண் 0BB0. அன்பு சிறியது என்பதால் நிரல் மேற்பாதிக்குப் போகிறது. சொல் இருப்பதோ கீழ்ப்பாதியின் கடைசியில். பட்டியலில் கண்ணெதிரே உள்ள சொல்லை 'இல்லை' என்று கணினி சொல்லும். அதே பட்டியலில் 'அம்மா' போன்ற சொற்கள் சரியாகக் கிடைப்பதால், பிழையின் மூலம் பிடிபடுவதும் கடினம்.

ஆகவே அடுக்கும்போது எந்த விதியோ, தேடும்போதும் அதே விதி இருக்க வேண்டும். மேற்காட்டிய முறையில், தேடும் சொல்லையும் `varisai` வழியாக எண்களாக்கி ஒப்பிட வேண்டும். விதியைப் பின்னர் மாற்றினால், உதாரணமாக ஜகரத்தைச் சகரத்தின் பக்கத்தில் வைப்பதாகவோ, 'க்ஷ' என்பதைக் க், ஷ எனப் பிரிக்காமல் தனி எழுத்தாகக் கொள்வதாகவோ முடிவு செய்தால், முன்பு அடுக்கிச் சேமித்த பட்டியல் முழுவதையும் மீண்டும் அடுக்க வேண்டும். கிரந்த எழுத்துகளுக்கு எந்த இடம் தரப்பட்டது என்பதை நூலின் முன்னுரையில் ஒரு வரியில் குறித்துவிட்டால், அச்சில் தேடுவோர் தவிக்க வேண்டியிராது.